டிரெய்னிங் பாண்ட்ல கையெழுத்து போட்டாச்சு, பாதியில விட்டா நெஜமா எவ்வளவு கட்டணும்?

புதுசா வேலைக்கு சேர்ற பசங்ககிட்ட பாண்ட் பத்தி ரெண்டு கதைதான் சுத்திட்டு இருக்கு. ஒண்ணு, "அதெல்லாம் சும்மா மிரட்டுறதுக்கு வாங்குற பேப்பர், கோர்ட்ல நிக்காது, போய்ட்டே இரு". இன்னொண்ணு, "ரெண்டு லட்சம் கட்டலன்னா போலீஸ் வீட்டுக்கே வரும், அப்புறம் எந்த கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்க". ரெண்டுமே தப்பு, ரெண்டையும் நம்பி பணத்தை விட்டவங்களும் இருக்காங்க, நல்ல வேலைய விட்டவங்களும் இருக்காங்க. பல வருஷம் ஹெச்ஆர்ல இருந்து இந்த பாண்ட் பேப்பர்களை வாங்குற பக்கம் உக்காந்திருந்தவன்ங்கிற முறையில, இந்தியாவுல ஒரு பிரைவேட் கம்பெனியில சேர்ற ஃப்ரெஷர் என்ன என்ன பாக்கணும், விட்டுட்டு போறதா இருந்தா எப்படி போகணும்னு வரிசையா சொல்றேன். கவர்மெண்ட் டாக்டர் பாண்ட், ராணுவ பாண்ட் எல்லாம் வேற கணக்கு, அது இதுல வராது.

ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல வச்சுக்கங்க, மத்தது எல்லாம் இதுல இருந்துதான் வருது. பாண்ட் செல்லும். ஆனா பாண்ட்ல எழுதியிருக்குற தொகை அப்படியே செல்லும்னு கிடையாது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உங்க பேரம் மொத்தமும் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது, சுருக்கமா

1872ல போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்னைக்கும் இதுக்கு அடிப்படை. அதுல 27வது பிரிவு, ஒருத்தர் தொழில் செய்றதை தடுக்குற ஒப்பந்தம் செல்லாதுனு சொல்லுது. நெட்ல "பாண்ட் செல்லாது"னு எழுதுறவங்க எல்லாரும் இதைத்தான் புடிச்சுக்குவாங்க. ஆனா அந்த பிரிவு முக்கியமா வேலைய விட்டதுக்கு அப்புறம் "போட்டி கம்பெனிக்கு போகாதே"னு கட்டிப் போடுறதுக்குத்தான் பொருந்தும். வேலையில இருக்குற காலத்துக்கு "இத்தனை வருஷம் இரு, இல்லன்னா இவ்வளவு குடு"னு சொல்றது தொழிலை தடுக்குறது ஆகாதுனு சுப்ரீம் கோர்ட் 2025 மே 14ஆம் தேதி ஒரு தீர்ப்புல தெளிவாவே சொல்லிடுச்சு.

அந்த கேஸ் விஜயா பேங்க் கேஸ். சீனியர் மேனேஜரா 2007ல சேர்ந்தவர், மூணு வருஷம் இருக்கணும், இல்லன்னா 2 லட்சம் கட்டணும்னு ஷரத்து. 2009ல இன்னொரு பேங்க்குக்கு போறதுக்காக ராஜினாமா பண்ணாரு, எதிர்ப்பு தெரிவிச்சுக்கிட்டே 2 லட்சத்தை கட்டிட்டு கேஸ் போட்டாரு. கர்நாடகா ஹைகோர்ட்ல ஜெயிச்சாரு, சுப்ரீம் கோர்ட்ல தோத்துட்டாரு. முழு 2 லட்சமும் பேங்க்குக்கே. அவர் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் வேலை பாத்திருந்தும் அதுக்கு கழிவுன்னு எதுவும் கிடைக்கல.

இதை படிச்ச உடனே பல ஹெச்ஆர்காரங்க "பாத்தியா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு"னு ஃப்ரெஷர் பசங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க, இங்கதான் நிதானமா பாக்கணும். அது பொதுத்துறை பேங்க். நினைச்ச ஆளை நினைச்ச நேரத்துல எடுக்க முடியாது, விளம்பரம் குடுத்து, நாடு முழுக்க எல்லாருக்கும் வாய்ப்பு குடுத்துத்தான் எடுக்கணும், நடுவுல ஒருத்தர் போனா மறுபடி முதல்ல இருந்து அந்த செலவு. அதோட அவர் நல்ல சம்பளம் வாங்குற மேனேஜர், அந்த சம்பளத்துக்கு 2 லட்சம் அதிகமில்லனு கோர்ட் பாத்துச்சு. மாசம் 20,000 வாங்குற பையன்கிட்ட, வாக்-இன் வச்சு ஒரே நாள்ல ஆள் எடுக்குற கம்பெனி கேக்குற 2 லட்சத்துக்கு இந்த காரணங்கள் தானா வந்து ஒட்டிக்காது. இன்னொண்ணும் அதே தீர்ப்புல இருக்கு, அதை ஹெச்ஆர் உங்களுக்கு அனுப்ப மாட்டாங்க: கம்பெனியே அச்சடிச்சு வச்சிருக்குற, மாத்த முடியாத ஒப்பந்தத்துல ரெண்டு பக்கமும் சம பலம் இல்லங்கறதை மனசுல வச்சுத்தான் கோர்ட் பாக்கணும், ஷரத்து பொதுநலனுக்கு விரோதமில்லனு காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனி தலையிலனு சொல்லியிருக்கு.

இப்ப தொகை விஷயம். அது 74வது பிரிவு. ஒப்பந்தத்தை மீறினா இவ்வளவுனு முன்னாடியே எழுதி வச்சிருந்தாலும், கோர்ட் குடுக்குறது "நியாயமான நஷ்ட ஈடு" மட்டும்தான், அது எழுதின தொகையை தாண்டக் கூடாது. அதாவது பாண்ட்ல போட்டிருக்குற 2 லட்சம் ஒரு உச்சவரம்பு, அவ்வளவுதான். அதுக்குள்ள எவ்வளவுங்கறது உங்க டிரெய்னிங்குக்கு என்ன செலவாச்சு, நீங்க எவ்வளவு காலம் வேலை பாத்து அதை ஈடுகட்டியிருக்கீங்க, இதை வச்சு முடிவாகும்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற கேஸ் டெல்லி ஹைகோர்ட் 2011ல தீர்ப்பு சொன்ன சிக்பா இந்தியா கேஸ். மூணு வருஷ பாண்ட், மீறினா 2 லட்சம். பையன் ரெண்டு வருஷம் இருந்துட்டு போய்ட்டாரு. கம்பெனி டிரெய்னிங்குக்கு செலவு பண்ணதா காட்டுனது 67,595 ரூபா. அதை மூணு வருஷத்துக்கு மூணா பிரிச்சு, அவர் வேலை பாக்காத ஒரு வருஷத்துக்கு உண்டான 22,532 ரூபா மட்டும்தான் குடுக்க சொன்னாங்க. 2 லட்சம் கேட்டு போன கம்பெனிக்கு கிடைச்சது இவ்வளவுதான். இந்த கணக்கு முறையை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க: நெஜ செலவு, அதை பாண்ட் காலத்தால வகுத்து, மிச்சம் இருக்குற காலத்தால பெருக்குறது.

அதுக்காக தைரியமா இருந்துடாதீங்க, நம்ம சென்னை ஹைகோர்ட்லயே 1990கள்ல தோஷ்னிவால் பிரதர்ஸ்னு ஒரு கேஸ்ல, கம்பெனி செலவுல தனிப்பட்ட டிரெய்னிங்கோ சலுகையோ வாங்கிட்டு பாதியில போனா நஷ்டம் ஆச்சுன்னே எடுத்துக்கலாம், ரூபா கணக்கா நிரூபிக்க தேவையில்லங்கற மாதிரி சொல்லியிருக்காங்க. அதனால உண்மையிலேயே உங்களை ஜெர்மனிக்கு அனுப்பி மிஷின் டிரெய்னிங் குடுத்திருந்தாங்கன்னா, விமான டிக்கெட், ஃபீஸ் எல்லாம் கம்பெனி கட்டியிருந்தாங்கன்னா, "ஒரு பைசா தர மாட்டேன்"ங்கற பேச்சு எடுபடாது.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

சேர்ற அன்னைக்கு ஒரு கட்டு பேப்பரை குடுத்து, பின்னாடி இன்னும் பத்து பேர் வரிசையில நிக்கும்போது, "இங்க, இங்க, இங்க கையெழுத்து போடுங்க"னு சொல்லுவாங்க. அதனால ஆஃபர் லெட்டர் வந்த உடனேயே "பாண்ட் இருக்கா, இருந்தா காப்பி மெயில்ல அனுப்புங்க"னு ஒரு வரி கேட்டுடுங்க. அனுப்ப மாட்டேன்னு சொல்ற கம்பெனி எப்படிப்பட்டதுனு அங்கயே தெரிஞ்சு போயிடும்.

வந்த காப்பியில முதல்ல பாக்க வேண்டியது தொகை இல்ல, காலம் எப்ப ஆரம்பிக்குதுங்கறது. "சேர்ந்த தேதியில இருந்து 24 மாசம்"னு இருந்தா ஒரு கணக்கு. "டிரெய்னிங் முடிஞ்ச தேதியில இருந்து 24 மாசம்"னு இருந்தா, மூணு மாச டிரெய்னிங்கும் சேர்ந்து 27 ஆயிடுச்சு. சில இடத்துல "கம்பெனி டிரெய்னிங் முடிஞ்சதுன்னு அறிவிக்கிற தேதியில இருந்து"னு போட்டிருப்பாங்க, அவங்க அறிவிக்கவே இல்லன்னா காலம் ஆரம்பிக்கவே இல்லனு வாதாடுவாங்க. இந்த வரியை மாத்தி தேதி போட்டு தர சொல்லுங்க, இது நியாயமான கேள்வி, எந்த ஹெச்ஆரும் கோவப்பட மாட்டாங்க.

அடுத்து, மாசாமாசம் தொகை குறையுதானு பாருங்க. நல்ல பாண்ட்ல "முதல் வருஷம் விட்டா இவ்வளவு, ரெண்டாவது வருஷம் விட்டா பாதி"னு இருக்கும். 23வது மாசம் விட்டாலும் முழு 2 லட்சம்னு இருந்தா அது நஷ்ட ஈடு மாதிரி தெரியாது, தண்டனை மாதிரிதான் தெரியும், பின்னாடி உங்க பக்கம் பேச அதுவே ஒரு பாயிண்ட்.

மூணாவது, கம்பெனியே உங்களை அனுப்பினா என்ன ஆகும்னு தேடுங்க. "எந்த காரணத்தால வேலை முடிவுக்கு வந்தாலும்"னு ஒரு சொற்றொடர் ஒளிஞ்சிட்டு இருக்கும். ப்ராஜெக்ட் இல்லனு அவங்களே நிறுத்திட்டு பாண்ட் பணமும் கேக்குற கொடுமை இதுல இருந்துதான் வருது. "ஊழியர் தானா ராஜினாமா செஞ்சா மட்டும்"னு திருத்த சொல்லுங்க.

அப்புறம் ஜாமீன் கையெழுத்து. நிறைய பாண்ட்ல அப்பாவையோ மாமாவையோ ஜாமீன்தாரரா கையெழுத்து போட சொல்றாங்க, வீட்டுல "பையன் வேலைக்கு போறான்"ங்கற சந்தோஷத்துல படிக்காமலே போட்டுடுவாங்க. ஜாமீன்தாரர் மேல நேரடியாவே கேஸ் போடலாம், முதல்ல பையனை கேட்டுட்டு அப்புறம் அப்பாகிட்ட வரணும்னு சட்டத்துல இல்ல. எந்த வழியும் இல்லாம போடுறதா இருந்தா, ஜாமீன் தொகைக்கு உச்சவரம்பு எழுதி போடுங்க.

எந்த ஊர் கோர்ட்னும் பாத்து வைங்க. சென்னையில வேலை பாக்குற பையனோட பாண்ட்ல "வழக்கு மும்பை நீதிமன்றத்துல மட்டும்"னு இருக்கும். வேலை ஒப்பந்தத்துல இப்படி ஒரே ஊரை குறிச்சு வைக்கிறது செல்லும்னு 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஹெச்டிஎஃப்சி பேங்க் கேஸ்ல சொல்லிடுச்சு, ஆனா அந்த ஊருக்கும் வழக்குக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கணும், தலைமை ஆபீஸ் அங்க இருக்குங்கற மாதிரி.

இதை மட்டும் குடுக்காதீங்க

ஒண்ணு, ஒரிஜினல் சர்டிபிகேட். பத்தாவது மார்க்‌ஷீட்டுல இருந்து டிகிரி வரைக்கும் வாங்கி பீரோவுல பூட்டி வச்சுக்குற கம்பெனிகள் இன்னும் இருக்கு. சரிபாக்க காட்டலாம், அன்னைக்கே திருப்பி வாங்கிடணும். சர்டிபிகேட் சரக்கும் இல்ல, அடமானப் பொருளும் இல்ல, கடனுக்கு ஈடா புடிச்சு வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா, வேலைய விடுற பேச்சை எடுக்குறதுக்கு முன்னாடி மேல்படிப்பு, பாஸ்போர்ட்னு உங்களுக்கு உண்மையில தேவைப்படுற நேரத்துல எழுத்து மூலமா கேட்டு வாங்கிடுங்க. தரலன்னா வக்கீல் நோட்டீஸ், அப்புறம் போலீஸ் புகார், இந்த வரிசை.

ரெண்டாவது, கையெழுத்து போட்ட வெத்து செக். என்னை கேட்டா பாண்ட் பேப்பரை விட நூறு மடங்கு ஆபத்து இதுதான். பாண்ட்ட மீறினா அது சிவில் விவகாரம், போலீஸ் வராது, ஜெயில் கிடையாது. ஆனா செக் பவுன்ஸ் ஆனா அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தோட 138வது பிரிவு, கிரிமினல் கேஸ், ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனையோ செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதமோ போட சட்டத்துல இடம் இருக்கு. கையெழுத்து உங்களோடதுன்னா அது கடனுக்காக குடுத்ததுதான்னு சட்டம் முதல்லயே எடுத்துக்கும், இல்லனு காட்டுறது உங்க வேலை. பேங்க்ல ஸ்டாப் பேமெண்ட் போட்டா தப்பிச்சிடலாம்னு நினைப்பாங்க, அதுக்கும் 138 வரும்.

குடுத்தே ஆகணும்னா வெத்து செக்கா குடுக்காதீங்க. கம்பெனி பேர், தொகை எல்லாம் நீங்களே எழுதி, செக் நம்பரை குறிப்பிட்டு "பாண்ட் செக்யூரிட்டிக்காக மட்டும்"னு ஒரு லெட்டர் வச்சு, அந்த லெட்டர் காப்பியில ஹெச்ஆர் கையெழுத்தும் சீலும் வாங்கி போட்டோ எடுத்து வைங்க. வேலைய விடும்போது "எனக்கு நிலுவை எவ்வளவுனு இன்னும் முடிவாகல, செக்கை திருப்பி குடுங்க, பேங்க்ல போடாதீங்க"னு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு லெட்டர் போடுங்க. அப்பவும் செக்கை போட்டு பவுன்ஸ் ஆச்சுன்னா, தகவல் வந்த 30 நாளுக்குள்ள அவங்க நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் வாங்கின 15 நாள் உங்களுக்கு டைம். அந்த 15 நாளை சும்மா விடாதீங்க, வக்கீலை பாத்து பதில் போட்டே ஆகணும்.

சேர்ந்த பிறகு சேத்து வைக்க வேண்டியது

டிரெய்னிங்னு அவங்க சொல்ற காலத்துல உண்மையில என்ன நடந்துச்சுனு ஆதாரம் வைங்க, இதை யாரும் செய்யறதில்ல, கடைசியில இதுதான் கை குடுக்கும். டிரெய்னிங் அட்டவணை மெயில், யார் கிளாஸ் எடுத்தாங்க, வெளி ஆளா உள்ள இருக்குற சீனியரா, எத்தனை நாள், ஏதாவது எக்ஸாம் ஃபீஸ் கட்டினாங்களா. முக்கியமா எந்த தேதியில இருந்து உங்களை கிளையண்ட் வேலையில போட்டாங்க. பேப்பர்ல ஆறு மாச டிரெய்னிங், ஆனா ரெண்டாவது மாசமே கிளையண்ட்டோட புகார் டிக்கெட்டை குளோஸ் பண்ண உக்கார வச்சிருப்பாங்க, உங்க பேர்ல கிளையண்ட்டுக்கு பில் கூட போயிருக்கும். வேலை பாத்து கம்பெனிக்கு காசு வந்த காலத்தை டிரெய்னிங் செலவுன்னு சொல்ல முடியாது. கம்பெனி ரகசியத்தை எல்லாம் அள்ளி பர்சனல் மெயிலுக்கு அனுப்பாதீங்க, அது வேற வம்பு. உங்க பேருக்கு வந்த லெட்டர், சம்பள ஸ்லிப், பாண்ட் காப்பி, இதோட தேதி போட்ட உங்க சொந்த குறிப்பு, அது போதும்.

விடுறதா முடிவு பண்ணிட்டா

ஒரு கணக்கு போட்டு பாத்துடலாம். கார்த்தினு ஒரு பையன், விருதுநகர் பக்கம், சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சேர்றான்னு வச்சுக்குவோம். சேர்ந்த தேதியில இருந்து 24 மாச பாண்ட், மீறினா 2 லட்சம். முதல் மூணு மாசம் ஸ்டைபெண்ட் 18,000. 15 மாசம் முடிஞ்சு நல்ல ஆஃபர் வருது. மிச்சம் 9 மாசம்.

அவன் செய்யக் கூடாதது, ஃபோனை ஆஃப் பண்ணிட்டு ஊருக்கு போய்டுறது. அப்படி போனா பாண்ட் மீறல் மட்டுமில்ல, நோட்டீஸ் பீரியட் மீறலும் சேர்ந்துக்கும், இது ரெண்டும் தனித்தனி. பாண்ட்ல நம்ம வாதம் வலுவா இருந்தாலும் நோட்டீஸ் பீரியட்ல நம்ம பக்கம் நியாயமே இல்லாம போயிடும். முறைப்படி மெயில்ல ராஜினாமா குடுத்து, நோட்டீஸ் பீரியட் முழுசா வேலை பாத்து, லேப்டாப், ஐடி கார்டு ஒப்படைச்சு ரசீது வாங்கணும். ராஜினாமா மெயில்ல பாண்ட் பத்தி ஒரு வார்த்தையும் ஒத்துக்கிட்டு எழுத வேணாம், "2 லட்சம் தவணையில தர்றேன்"னு பதட்டத்துல எழுதுற ஒரு வரி பின்னாடி உங்களுக்கு எதிராவே நிக்கும்.

ஹெச்ஆர் 2 லட்சம் கேட்டு மெயில் போடுவாங்க. பதில் மரியாதையா, சின்னதா இருக்கணும்: "பாண்ட் தொகை சம்பந்தமா உங்க மெயில் கிடைச்சது. எனக்கு குடுத்த டிரெய்னிங்குக்கு கம்பெனி செஞ்ச செலவோட விவரத்தை பில்லோட அனுப்புங்க. நியாயமான தொகை எவ்வளவுனு பேசி முடிக்க தயாரா இருக்கேன். இது கோரிக்கைய ஒத்துக்கிட்டதா ஆகாது." இவ்வளவுதான். இந்த மெயிலுக்கு அப்புறம் பல கம்பெனி சத்தமில்லாம போயிடும், ஏன்னா காட்டுறதுக்கு பில்லே இருக்காது.

கார்த்தி கம்பெனி விவரம் அனுப்புதுனு வச்சுக்குவோம். ஸ்டைபெண்ட் 54,000, கிளாஸ் எடுத்த சீனியரோட சம்பளப் பங்கு 60,000, வெளி டிரெய்னர் ஃபீஸ்ல இவன் பங்கு 24,000, சர்டிபிகேஷன் எக்ஸாம் 16,000, இடம் கரண்ட் லேப்டாப்னு 30,000, ஆள் எடுத்த செலவு 16,000. கூட்டிப் பாத்தா அலுங்காம 2 லட்சம். தொகைய முதல்ல வச்சுக்கிட்டு செலவை பின்னாடி தேடுனா இப்படித்தான் வரும்.

இப்ப ஒவ்வொண்ணா பாருங்க. டிரெய்னர் ஃபீஸும் எக்ஸாம் ஃபீஸும் பில் இருக்கு, இவனுக்காகவே ஆன செலவு, அந்த 40,000ஐ மறுக்க முடியாது. சீனியர் சம்பளம் எப்படியும் குடுக்க வேண்டியதுதான், ஆனா கிளாஸ் எடுத்த நேரத்துல அவர் வேற வேலை பாக்கலனு அவங்க சொல்லலாம், இது இழுபறி. லேப்டாப் திருப்பி குடுத்தாச்சு, இடமும் கரண்ட்டும் எல்லா ஊழியருக்கும் உண்டானது. ஸ்டைபெண்ட் அவன் வந்து உக்காந்த நேரத்துக்கு குடுத்த காசு, அதுல மூணாவது மாசம் முழுக்க ப்ராஜெக்ட்லதான் இருந்தான். ஆள் எடுக்குற செலவு டிரெய்னிங்கே இல்ல, பாண்ட்ல டிரெய்னிங்னு மட்டும் எழுதியிருந்தா அதை இதுல சேக்குறது கஷ்டம்.

அப்போ உறுதியான 40,000ல மிச்சம் இருக்குற 24ல 9 பங்கு, அது 15,000. சீனியர் சம்பளத்தையும் முழுசா ஒத்துக்கிட்டா 1 லட்சத்துல 24ல 9 பங்கு, 37,500. ஆக கார்த்தியோட உண்மையான பேர எல்லை 15,000க்கும் 37,500க்கும் நடுவுல. இதுக்குள்ள எதுல முடிச்சாலும் நல்ல முடிவுதான், கோர்ட்டுக்கு போய் வக்கீல் ஃபீஸ் குடுக்குறதை விட 25,000ல முடிச்சிட்டு ரிலீவிங் லெட்டர் வாங்குறது மேல்னு நான் சொல்லுவேன். எப்படியும் ஜெயிக்கலாம்னு அடம் புடிக்கிறவங்களுக்கு விஜயா பேங்க் கேஸை ஞாபகப்படுத்துறேன், ஜட்ஜ் முழு தொகையும் குடுத்த கேஸும் இருக்கு, கழிச்சு குடுத்த கேஸும் இருக்கு, உங்க கேஸ் எதுல விழும்னு யாரும் எழுதி குடுக்க முடியாது.

ரிலீவிங் லெட்டர்தான் அவங்க கையில இருக்குற நெஜ ஆயுதம்

கோர்ட்டுக்கு போற கம்பெனி ரொம்ப கம்மி. 2 லட்சத்துக்கு கேஸ் போட்டா வருஷக்கணக்குல இழுக்கும்னு அவங்களுக்கும் தெரியும். அதனால ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரை புடிச்சு வச்சுக்குவாங்க, கடைசி மாச சம்பளத்தை நிறுத்துவாங்க.

சம்பளத்தை பொறுத்தவரை 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்திருக்குற ஊதியச் சட்டத் தொகுப்புல, ராஜினாமா செஞ்சவருக்கு ரெண்டு வேலை நாளுக்குள்ள ஊதிய பாக்கியை குடுக்கணும்னு இருக்கு. அதை காட்டி மெயில் போடுங்க, நகரலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கலாம். பிஎஃப் பணத்துல கம்பெனி கை வைக்கவே முடியாது, பாண்டுக்கு ஈடா கழிச்சுக்குறேன்னு சொன்னா அது வெறும் மிரட்டல். சில இடத்துல பிஎஃப்ல வேலைய விட்ட தேதியை போடாம இழுத்தடிப்பாங்க, கடைசி பிஎஃப் கட்டி ரெண்டு மாசம் ஆன பிறகு இபிஎஃப்ஓ தளத்துல உங்க யூஏஎன் வச்சு நீங்களே அந்த தேதியை போட்டுக்கலாம்.

லெட்டர் விஷயம்தான் கொஞ்சம் கஷ்டம். புது கம்பெனிகிட்ட மறைக்காதீங்க, சேர்றதுக்கு முன்னாடியே "பழைய கம்பெனியோட பாண்ட் தொகை பத்தி பேச்சுவார்த்தை போய்ட்டு இருக்கு, ராஜினாமா ஏத்துக்கிட்ட மெயிலும் நோட்டீஸ் முடிச்ச ஆதாரமும் இருக்கு"னு சொல்லிடுங்க. ராஜினாமா ஏற்பு மெயில், சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், பிஎஃப் பாஸ்புக் இதை வச்சே எடுத்துக்குற கம்பெனிகள் இருக்கு. சில பேர் பாண்ட் தொகையையே புது கம்பெனி குடுக்குற மாதிரி பேசி முடிக்கிறாங்க, கேட்டு பாக்குறதுல தப்பில்ல, ஆனா அதுக்கு பதிலா அவங்களும் ஒரு பாண்ட் நீட்டுவாங்க, அதையும் மேல சொன்ன மாதிரி படிங்க.

வக்கீல் நோட்டீஸ் வந்தா பயப்படாதீங்க, தூக்கியும் போடாதீங்க. நோட்டீஸ் கேஸ் இல்ல. அதுல சொன்ன நாளுக்குள்ள பதில் போடணும், செலவு விவரம் கேட்ட உங்க மெயிலையும் அவங்க குடுக்காததையும் அதுல குறிப்பிடணும். மீறின நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள அவங்க சிவில் கேஸ் போடலாம், அதனால எல்லா பேப்பரையும் அவ்வளவு காலம் பத்திரமா வைங்க, வீடு மாறினா தபால் வந்து சேர்ற மாதிரி பாத்துக்கங்க. கோர்ட் சம்மன் வந்து நீங்க போகலன்னா உங்களை கேக்காமலே முழு தொகைக்கும் தீர்ப்பு ஆயிடலாம், கழிவு கணக்கு எல்லாம் அங்க யாரும் உங்களுக்காக போட மாட்டாங்க.

பாண்ட்ல ஆர்பிட்ரேஷன்னு, அதாவது கோர்ட்டுக்கு பதிலா ஒரு நடுவர் முடிவு பண்ணுவார்னு இருந்து, கம்பெனியே ஒரு ஆளை நடுவரா போட்டு லெட்டர் அனுப்பினா, "ஒரு தரப்பு மட்டும் தனியா நடுவரை நியமிக்க முடியாது, எனக்கு சம்மதம் இல்ல"னு உடனே எழுத்துல எதிர்ப்பு போடுங்க. 2019ல சுப்ரீம் கோர்ட் பெர்கின்ஸ் கேஸ்ல சொன்னது இதுதான். எதிர்ப்பு போடாம போய் உக்காந்துட்டு பின்னாடி சொன்னா வலு குறைஞ்சிடும்.

பேசி ஒரு தொகைக்கு முடிஞ்சா பணத்தை ரொக்கமா குடுக்காதீங்க, பேங்க் மூலமா மட்டும். பணம் போறதுக்கு முன்னாடியே மெயில்ல நாலு விஷயம் எழுதி வாங்குங்க: இந்த தொகையோட பாண்ட் கணக்கு முழுசா தீர்ந்தது, ஜாமீன்தாரரும் விடுவிக்கப்பட்டார், செக்கும் சர்டிபிகேட்டும் எந்த தேதியில கைக்கு வரும், ரிலீவிங் லெட்டர் எந்த தேதியில வரும். முடிஞ்சா பாண்ட் ஒரிஜினலையே "ரத்து"னு எழுதி கையெழுத்தோட திருப்பி வாங்கிடுங்க.